லைவில் சேலை விற்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

வீட்டின் ஓர் அறையில் ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, ஒரு லைட்டை வைத்துக்கொண்டு யூடியூபிலோ பேஸ்புக்கிலோ சாயங்கால லைவ் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. பேஸ்புக் தன் லைவ் ஷாப்பிங் வசதியை 2022 அக்டோபரில் எடுத்துவிட்டது. இன்ஸ்டாகிராமும் 2023 மார்ச்சில் எடுத்துவிட்டது. அதனால் நமக்குக் கூடை பட்டன் எல்லாம் கிடையாது. கமென்ட்டும் வாட்ஸ்அப்பும்தான் கல்லாப்பெட்டி. வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## அறிகுறி 1: "லைவ்ல பார்த்த கலர் வேற, வந்த கலர் வேற"

ரிட்டர்ன் வருவதற்கு முதல் காரணம் இதுதான். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. புகார் வந்த சேலையையோ அதே நிறச் சேலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிவாக்கில் வாசல் நிழலில், நேர்வெயில் படாமல் விரித்து வையுங்கள். அந்த லைவின் பதிவை வேறொரு போனில் ஓடவிட்டுப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். லைவ் எடுத்த போனின் திரையிலேயே பார்த்தால் பயனில்லை, வாங்குகிறவர் கையில் அந்தப் போன் இல்லை. எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கீழே போங்கள்.

### எல்லாச் சேலையும் மஞ்சளாக அல்லது நீலமாகத் தெரிகிறது

முதலில் ஃபில்டரை அணையுங்கள். முகத்துக்காகப் போட்ட பியூட்டி ஃபில்டர் சேலையையும் சேர்த்தே வெளுக்கும். அடுத்து லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் ஜரிகை மினுக்கமெல்லாம் புகைபோல் பரவிவிடும்.

அப்புறமும் மாறவில்லை என்றால் அறையில் எத்தனை வகை வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஜன்னல் வெளிச்சம், மேலே வெள்ளை ட்யூப், பூஜை அறையின் மஞ்சள் பல்பு, எதிரே ரிங் லைட் என்று நான்கும் கலந்திருந்தால் எந்த வெளிச்சத்துக்கு நிறத்தைச் சரிசெய்வது என்று போனுக்குத் தெரியாது. சேலையின் ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி இன்னொரு நிறமுமாகத்தான் வரும். ஜன்னலை மூடி, மஞ்சள் பல்பை அணைத்து, ஒரே வகை வெள்ளை லைட்டை மட்டும் வையுங்கள். ஐந்தரை மணிக்கு ஜன்னலைத் திறந்துவைத்து லைவைத் தொடங்கினால் ஆறரைக்கு நிறம் வேறாகியிருக்கும். அதனால் மாலை லைவுக்கு ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

பார்ப்பவர் போனிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பலரது போனில் பொழுது சாய்ந்ததும் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை தானாகவே வந்துவிடும். லைவ் தொடங்கும்போதும் நடுவில் ஒருமுறையும், "நைட் மோடு, ஐ கம்ஃபர்ட் போட்டிருந்தா ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க மேம்" என்று சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

### சில நிறங்கள் மட்டும் மாறுகின்றன

வாடாமல்லி நீலமாகத் தெரிகிறதா? அரக்கு பழுப்பாகத் தெரிகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

வாடாமல்லி, கத்தரிப்பூ போன்ற ஊதா வகைகளைப் பல போன் கேமராக்கள் நீலத்துக்குத் தள்ளிவிடும். லைட்டை மாற்றினால் ஓரளவு குறையுமே தவிர முழுதாகப் போகாது. இங்கே வாயால்தான் சரிக்கட்ட வேண்டும். "ஸ்கிரீன்ல நீலமா தெரியும், நேர்ல இது வாடாமல்லிப் பூ கலர்" என்று சொல்லுங்கள். வெறும் "பர்ப்பிள்" என்றால் ஆளுக்கு ஒரு நிறத்தை நினைத்துக்கொள்வார்கள். வாடாமல்லி, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்றால் கண்முன்னே நிறம் வந்து நிற்கும்.

அரக்கும் குங்குமச் சிவப்பும் செத்துப்போய்த் தெரிந்தால் லைட்டின் மேல் சந்தேகப்படலாம். மலிவான எல்.இ.டி.களில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. லைட்டில் இல்லாத சிவப்பு கேமராவுக்குக் கிடைக்காது. வாங்கும்போது பெட்டியில் CRI என்று போட்ட எண்ணைப் பாருங்கள், அந்த லைட் நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. 90க்கு மேல் இருந்தால் சேலைக்குப் போதும். வாட் எவ்வளவு என்று கேட்பதைவிட இதைக் கேட்பது முக்கியம்.

மூன்றாவது ரகம் இரட்டை நிறச் சேலை. மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசையாமல் பிடித்தால் கேமரா ஒன்றை மட்டும்தான் காட்டும். முந்தானையைக் கையில் போட்டு, மடிப்பு விழும்படி மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நிறம் மாறும் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் புகார் வராது, சேலையும் நகரும்.

### சேலையை மாற்றும்போது திரை பளிச்சென்றும் மங்கலாகவும் ஆகிறது

கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கறுப்புச் சேலை திரையை அடைத்தால் வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகிவிடும். சந்தனச் சேலை வந்தால் குறைக்கும், மங்கிப்போகும். சாதாரண கேமரா ஆப்பில் திரையை அழுத்திப் பிடித்து இதைப் பூட்டலாம். லைவ் ஆப்களில் அந்த வசதி இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அதனால் திரை முழுவதையும் சேலையால் அடைக்காதீர்கள். பின்னால் இளஞ்சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கட்டி, சேலையின் நான்கு பக்கமும் அது தெரியும்படி நில்லுங்கள். சேலைகளை அடுக்கும்போதே வெளிர் நிறங்கள் ஒரு வரிசை, அடர் நிறங்கள் ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால் கேமரா தாவுவது பாதி குறையும்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

இத்தனைக்குப் பிறகும் வாசல் சோதனையில் நிறம் பொருந்தவில்லை என்றால், உள்ளூர் ஸ்டுடியோ போட்டோகிராபர் ஒருவரை ஒருமுறை வரவழைத்து லைட் வைக்கும் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் டேப் ஒட்டி அடையாளம் போட்டுவிட்டால் அப்புறம் அவர் தேவைப்படமாட்டார். புதுப் போன் வாங்குவது இதற்கும் பின்னால் வருகிற செலவு. பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

## அறிகுறி 2: கேட்டது ஒரு சேலை, பதில் போனது இன்னொரு சேலைக்கு

"பிளவுஸ் இருக்குன்னு லைவ்ல சொன்னீங்களே" என்று பார்சல் பிரித்த பிறகு சண்டை வருகிறதா? யாரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் காட்டுவது அவர்கள் கண்ணுக்குப் போய்ச் சேரும் தாமதம்தான் காரணம்.

நடப்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தாமதம் 15 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மணி 8:10க்கு 14ஆம் சேலையைக் கையில் எடுக்கிறீர்கள். 20 வினாடி காட்டிவிட்டுக் கீழே வைத்து 15ஆம் சேலையை எடுத்துவிட்டீர்கள். கோயம்புத்தூரில் பார்க்கும் அக்காவுக்கு 14ஆம் சேலை தெரியத் தொடங்குவதே 8:10:15க்குத்தான். பார்த்து, பிடித்து, "இதுக்கு பிளவுஸ் இருக்கா" என்று தட்டி அனுப்ப இன்னும் 25 வினாடி. கமென்ட் உங்களிடம் வரும்போது மணி 8:10:40. உங்கள் கையில் 15ஆம் சேலை ஏறி 20 வினாடி ஆகிவிட்டது. அதைப் பார்த்து "இருக்குங்க அக்கா, ரன்னிங் பிளவுஸ்" என்கிறீர்கள். 14இல் பிளவுஸ் கிடையாது. அவர் 14ஐ புக் செய்துவிட்டார்.

முதலில் உங்கள் தாமதத்தை அளந்துகொள்ளுங்கள். இன்னொரு போனில் மொபைல் டேட்டாவில் உங்கள் லைவைத் திறந்து வைத்து, கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். அந்தப் போனில் கை தட்டுவது தெரியும்வரை எண்ணினால் அதுதான் தாமதம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பெரிய கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து சேலை நம்பர். உள்ளங்கை அளவு அட்டையில் தடித்த எழுத்தில் நம்பரை எழுதி, ஊக்கு போட்டு முந்தானை ஓரத்தில் குத்துங்கள். சேலை திரையில் இருக்கும்வரை அட்டையும் தெரிய வேண்டும். எடுக்கும்போது ஒருமுறை, விலை சொல்லும்போது ஒருமுறை, வைக்கும்போது ஒருமுறை என நம்பரை வாயால் சொல்லுங்கள். பதில் சொல்லும்போது நம்பரோடுதான் சொல்ல வேண்டும்: "14ஆம் நம்பர்ல பிளவுஸ் கிடையாதுங்க, 15ல இருக்கு." நம்பர் இல்லாமல் "இது", "அது" என்று வரும் கமென்ட்டுக்கு ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள், நம்பரைத் திருப்பிக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் அலுப்பாக இருக்கும். அப்புறம் பார்ப்பவர்களே நம்பர் போட்டுக் கேட்கப் பழகிவிடுவார்கள்.

கூடவே ஒரு பழக்கம்: காட்டி முடித்த சேலையை உடனே மடிக்காமல், தாமத நேரம் கழியும்வரை இடது தோளிலேயே கிடக்கவிடுங்கள். கேள்வி வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கம்ப்யூட்டர் வழியாக யூடியூப் லைவ் போடுகிறவர்கள், ஸ்டூடியோவில் ஸ்ட்ரீம் அமைப்புக்குள் போய் "Ultra low-latency" என்பதைத் தேர்ந்தால் தாமதம் சில வினாடிகளாகக் குறையும். நெட் சுமாராக இருந்தால் படம் அடிக்கடி நின்று சுற்றும். அப்படிச் சுற்றினால் ஒரு படி இறங்கி "Low-latency" போதும்.

### பதில் சொல்வதற்குள் அடுத்த இருபது கேள்வி

திரும்பத் திரும்ப வருவது நாலைந்து கேள்விகள்தான்: விலை, பிளவுஸ், கூரியர் காசு, கேஷ் ஆன் டெலிவரி உண்டா, ரிட்டர்ன் உண்டா. கடைசி மூன்றுக்கும் பதிலை ஒரே கமென்ட்டாகப் போட்டுப் பின் செய்துவிடுங்கள். விலையை நம்பர் அட்டையிலேயே எழுதுங்கள். "விலை இன்பாக்ஸில்" என்பது லைவுக்கு ஒத்துவராது, நூறு பேர் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மீதிக் கேள்விகளுக்கு நோட்டு. லைவுக்கு முன்பே ஒவ்வொரு நம்பருக்கும் நேரே ஒரு வரி எழுதுங்கள்: துணி, நீளம், பிளவுஸ், விலை, கையிருப்பு, குறை ஏதாவது. நீளத்தை டேப் வைத்து அளந்தே எழுதுங்கள். சேலை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் முக்கால் மீட்டர் சொச்சம் என்பது பொதுக்கணக்கு. மூட்டைக்கு மூட்டை மாறும்.

ஒரு ஆளைத் துணைக்கு உட்கார வைக்க முடிந்தால், எந்தக் கருவியைவிடவும் அது மேல். அவர் கையில் இன்னொரு போன், சத்தம் முழுதாக அணைக்கப்பட்டு. இல்லாவிட்டால் உங்கள் குரலே எதிரொலிக்கும். கமென்ட்டைப் படித்து நம்பரைச் சொல்ல வேண்டியது அவர் வேலை, துணியைக் காட்ட வேண்டியது உங்கள் வேலை.

### "இது பியூர் சில்க்கா? ஜரிகை ஒரிஜினலா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் லைவ் வேகத்தில் பதில் சொல்லக்கூடாது. சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதை கேமராவில் காட்டுங்கள். அந்த முத்திரை பட்டு நூலுக்குத்தான், ஜரிகைக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜரிகை வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசியதா, டெஸ்டட் ஜரிகையா என்று நெய்தவரிடம் கேட்டு நோட்டில் எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் "கேட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விலை அதிகமான பட்டில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, ஜரிகையைச் சோதித்துத் தரும் மையத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு வையுங்கள். ஓரத்து நூலை உருவி எரித்துக் காட்டினால் பட்டு மணம் மட்டும்தான் தெரியும், ஜரிகையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

## அறிகுறி 3: "நான் கமென்ட் போட்டேன், நீங்க பார்க்கவே இல்ல"

யூடியூபில் முதலில் பார்க்க வேண்டியது சாட் பெட்டியின் மேலே "Top chat" என்று இருக்கிறதா "Live chat" என்று இருக்கிறதா என்பதை. முதலாவதில் யூடியூப் தானே சில கமென்ட்டுகளை வடிகட்டிவிடும். வெறும் "14" என்று ஒற்றை எண்ணாக வரும் புக்கிங்குகளும் அதில் அடிபடலாம். "Live chat" என்று மாற்றுங்கள். துணைக்கு இருப்பவர் போனிலும் தனியாக மாற்ற வேண்டும். பேஸ்புக்கில் முடிந்த லைவின் கமென்ட்டுகளைச் சரிபார்க்கும்போதும் இதே கதைதான். "Most relevant" என்று இருந்தால் பாதிதான் கண்ணில் படும், "All comments" என்று மாற்றிப் பாருங்கள்.

இரண்டுமே சரியாக இருந்தால், போன் நம்பர் எழுதிய கமென்ட்டா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவை பரிசீலனைக்கு என்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கலாம். எப்படியும் பார்ப்பவர்கள் தங்கள் போன் நம்பரைப் பொதுவில் போடாமல் இருப்பதே நல்லது. அதைச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 4: ஒரே சேலைக்கு இரண்டு மூன்று பேர்

ஒற்றைப் பீஸ் சேலையில்தான் இது வெடிக்கும். யூடியூபிலும் பேஸ்புக்கிலும் ஒரே நேரத்தில் லைவ் போடுகிறீர்களா? இரண்டுக்கும் தாமதம் வேறு. ஒரு பக்கம் இருப்பவர் சேலையைப் பார்ப்பதற்கு முன்பே இன்னொரு பக்கம் விற்றுப்போயிருக்கும். ஒற்றைப் பீஸ்களை ஒரு தளத்தில் மட்டும் விற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பீஸ் இருப்பவற்றை இரண்டிலும் விற்கலாம்.

ஒரே தளம்தான் என்றால், எதை புக்கிங்காக எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்று அர்த்தம். "கமென்ட்ல நம்பர் போட்டவங்களுக்குத்தான்" என்றோ "வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பினவங்களுக்குத்தான்" என்றோ ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இரண்டையும் ஏற்றால் கமென்ட் போட்டவரும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரும் தாங்கள்தான் முதலில் என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். கமென்ட்தான் என் தேர்வு. வரிசை எல்லார் கண்ணுக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் யூடியூப் சாட்டின் மூன்று புள்ளி மெனுவில் நேரம் காட்டும் வசதியைப் போட்டுவிட்டால் சந்தேகமே இராது. முதல் ஆளின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அடுத்தவரை வெயிட்டிங்கில் எழுதுங்கள். முதல் ஆள் பணம் போடவில்லை என்றால் இரண்டாவது ஆளுக்குப் போகும்.

## அறிகுறி 5: படம் நிற்கிறது, குரல் உடைகிறது, லைவே போய்விடுகிறது

எல்லார்க்கும் நிற்கிறதா, ஒருவருக்கா? ஒருவருக்கு என்றால் அவர் நெட். விடுங்கள்.

எல்லார்க்கும் என்றால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அப்லோடு எண்ணைப் பாருங்கள். டவுன்லோடு 100 இருந்தாலும் லைவுக்கு உதவாது. அப்லோடு 5 எம்.பி.பி.எஸ்.க்குக் கீழே போகாமல் நின்றால் 720p படத்துக்குத் தாங்கும். ஏறி இறங்கினால், அதே நேரத்தில் வீட்டில் வேறு யார் நெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ரவுட்டரை அதே அறைக்குக் கொண்டுவந்து 5GHz வைஃபையில் சேருங்கள். அப்போதும் மூன்று நாள் சாயங்காலம் அப்லோடு படுத்தால் பிராட்பேண்டுக்காரரை வரச்சொல்லி லைனைச் சோதிக்க வேண்டும். அது உங்கள் கையில் இல்லை.

அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதா? போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கவரைக் கழற்றி, லைட்டிலிருந்து தள்ளிவைத்து, முழு சார்ஜோடு தொடங்கி, நடுவில் சார்ஜரைச் செருகாமல் ஓட்டுங்கள்.

கால் வந்ததும் அறுந்ததா? ஃப்ளைட் மோடு போட்டு வைஃபையில் ஓட்டினாலும் வாட்ஸ்அப் கால் வரும். லைவ் போனில் வாட்ஸ்அப் இருக்கவே கூடாது. புக்கிங் வேறு போனில்.

குரல் கரகரக்கிறதா? காலர் மைக்கில் கஞ்சி போட்ட காட்டனோ ஜரிகையோ உரசும். சேலையைத் தூக்கிப் பிடிக்கும் கைக்கு எதிர்த்தோளில் மைக்கை மாட்டுங்கள். சீலிங் ஃபேனின் காற்று நேரே விழாத இடமாகவும் பாருங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் அணைத்துவிடுங்கள், பதிப்புரிமைக்காக லைவையே நிறுத்திவிடுவார்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முதல் நாளே பார்த்துவிட்டு லைவை அறிவியுங்கள். ரவுட்டருக்கென்று வரும் சின்ன யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி வைத்தால், சட்டென்று போய் வரும் கரண்ட்டில் லைவ் அறுபடாது.

## அறிகுறி 6: புக்கிங் நிறைய, பணம் வரவில்லை

கெடு சொல்லாமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். லைவ் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பணம், இல்லையென்றால் வெயிட்டிங்கில் உள்ளவருக்கு என்று லைவிலேயே சொல்லுங்கள். லைவ் முடிந்த பத்து நிமிடத்தில் சேலை நம்பர், விலை, கூரியர் சேர்த்த மொத்தத் தொகை மூன்றையும் ஒரே செய்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "எவ்ளோ அனுப்பணும்" என்று அவர்கள் திரும்பக் கேட்கும் இடத்தில்தான் பாதி புக்கிங் உதிர்கிறது.

கெடு சொல்லியும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப ஏமாற்றினால், பெயரை நோட்டில் குறித்துவைத்து அடுத்த முறை முன்பணம் வாங்கிக்கொண்டே புக்கிங் எடுங்கள்.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பி பார்சல் கட்டாதீர்கள். உங்கள் பேங்க் கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று ஆப்பைத் திறந்து பாருங்கள். "கூடுதலா போட்டுட்டேன், மீதிய திருப்பி அனுப்புங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் நிதானம் வேண்டும். பணம் பெறுவதற்கு நீங்கள் யு.பி.ஐ. பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் காசு உங்களிடமிருந்துதான் போகிறது. போய்விட்டது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டு, பேங்க்கிலும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.